பருவுக்கு எந்த மருந்து?

மாதத்தில் ஒன்றிரண்டு பரு வரும் ஒரு கல்லூரி மாணவியை எடுத்துக்கொள்வோம். மருந்துக்கடையில் சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல்லும் வாங்குகிறார். காலையும் மாலையும் முகம் கழுவுகிறார். இரவில் முகம் முழுக்க ஜெல் பூசுகிறார். ஒரே வாரத்தில் வாயோரம் தோல் உரிகிறது, தண்ணீர் பட்டாலே எரிகிறது. பயந்துபோய் இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்.

இரண்டும் பருவுக்கான மருந்துகள்தான், ஆனால் வேலை வேறு. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையக்கூடியது. அதனால் எண்ணெய் அடைத்த துளைக்குள் இறங்கி, அங்கே ஒட்டிக்கிடக்கும் இறந்த செல்களைத் தளர்த்துகிறது. மூக்கில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும், சிவப்போ வலியோ இல்லாத சிறு வெண்முனைகளுக்கும் இது ஏற்றது.

சிவந்து, வலித்து, சீழ் கட்டும் பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடே பொருத்தம். பருவோடு தொடர்புடைய பாக்டீரியா ஆக்சிஜன் குறைந்த ஆழத்தில் செழிக்கிறது. இந்த மருந்து அங்கே ஆக்சிஜனை வெளிவிட்டு அதை அழிக்கிறது. ஆன்டிபயாடிக்குகளை எதிர்த்துப் பழகிக்கொள்வதுபோல் பாக்டீரியாவால் இதற்குப் பழகிக்கொள்ள முடிவதில்லை.

கடையில் 2.5, 5, 10 என மூன்று அளவுகளில் கிடைக்கும். எண் கூடினால் பலனும் அதே அளவு கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சிவந்த பருக்களுக்கு 2.5 சதவீதமே ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு ஈடாக வேலை செய்கிறது. கூடுவது எரிச்சலும் வறட்சியும்தான். எப்போதாவது பரு வருபவர் 2.5-ஐத் தாண்டத் தேவையில்லை.

அந்த மாணவி முதலில் இரண்டையும் நிறுத்த வேண்டும். எரிச்சல் முழுதும் தணியும்வரை மென்மையான ஃபேஸ்வாஷும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரும் போதும். மாநிறத் தோலில் எரிச்சலே கரும்புள்ளியாகத் தங்கிவிடும் என்பதால் இந்தப் பொறுமை முக்கியம். பகலில் சன்ஸ்கிரீனும் வேண்டும்.

பிறகு, பரு சிவந்திருந்தால் மட்டும் ஒன்றுவிட்டு ஒரு இரவு 2.5 சதவீத ஜெல். முகம் கழுவி, நன்றாக உலர்ந்த பின், பருவின் மேலும் அதைச் சுற்றியும் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதட்டோரம் கூடாது. அப்படியும் தோல் இறுகினால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் ஜெல். அல்லது ஐந்து நிமிடம் வைத்துக் கழுவிவிடலாம். கரும்புள்ளிக்கு 2 சதவீதம்வரை உள்ள சாலிசிலிக் அமிலத்தை வேறோர் இரவில் பயன்படுத்தலாம். ஒரே இரவில் இரண்டும் வேண்டாம்.

தொடக்கத்தில் லேசாக உரிவது இயல்பு. முகம் வீங்கினாலோ, அரிப்போடு தடித்தாலோ அது ஒவ்வாமை. உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆழமான கட்டிகளுக்கும் வடு விடும் பருக்களுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். கர்ப்பிணிகள் எதைப் பூசுவதற்கு முன்பும் கேட்டுக்கொள்வது நல்லது.

பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுத்துவிடும். பூசும் இரவுகளில் வெள்ளைத் தலையணை உறையும் வெள்ளைத் துண்டும் வைத்துக்கொள்ளலாம்.