பென் இன்சுலின் நின்றுவிட்டது என்றால் கம்பெனிக்கு என்ன எழுத வேண்டும்?

"அந்த பென் ஊசி இனி வராதும்மா, கம்பெனியிலேயே நிறுத்திட்டாங்க." கடலூர், சிதம்பரம் மருந்துக் கடைகளில் சர்க்கரை நோயாளிகள் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதைக் கேட்ட கையோடு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுகிறவர்களைப் பார்க்கிறேன். கம்பெனிக்கு ஒற்றை வரியில் கடிதம் போட்டுவிட்டு, பதில் வரும்வரை இருக்கும் மருந்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டுக்கொள்கிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டாவது வகையினரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் எழுதுவது தவறில்லை, எழுதத்தான் வேண்டும். ஆனால் அதை எழுதும் முறையும் நேரமும் தவறினால் உயிருக்கே ஆபத்து.

நடந்தது இதுதான். நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் மனித இன்சுலின் வகைகளைப் பென் வடிவில் தருவதைப் படிப்படியாகக் கைவிடுவதாக 2025இல் செய்தி வந்தது. மிக்ஸ்டார்ட், ஆக்ட்ராபிட் போன்ற பெயர்களில் பல வருடங்களாக நம் வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்த கார்ட்ரிட்ஜ்கள் இவை. அதே மருந்து பாட்டிலில் தொடர்ந்து கிடைக்கும் என்றும் சொல்லப்பட்டது. இந்தப் பாதிச் செய்தி கடைக்கு வரும்போது "மிக்ஸ்டார்டே நின்னுபோச்சு" என்று ஆகிவிடுகிறது.

அதனால் முதலில் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது, எது நின்றது என்பதை. மருந்து கம்பெனியிலிருந்து அதன் கிடங்கு முகவருக்கும், அங்கிருந்து மாவட்ட ஸ்டாக்கிஸ்டுக்கும், கடைசியாகக் கடைக்கும் வருகிறது. ஸ்டாக்கிஸ்டிடம் ஒரு மாதம் சரக்கு இல்லை என்றாலே கடைக்காரர் வாயில் "நிறுத்திட்டாங்க" என்று வந்துவிடும். "கடைசியா எப்ப உங்களுக்கு பில் ஆச்சு? எந்த ஸ்டாக்கிஸ்ட்?" என்று கேளுங்கள். சில வாரங்களுக்கு முன்புகூட சரக்கு வந்திருந்தால் அது தட்டுப்பாடாக இருக்கலாம். பல மாதங்களாக வரவே இல்லை என்றால் நிறுத்தம் என்று சந்தேகிக்கலாம். ஸ்டாக்கிஸ்ட் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கடிதத்தில் அது வேண்டும்.

இனி கடிதம். "உங்கள் மருந்து எங்கே கிடைக்கும், தெரியப்படுத்தவும்" என்று எழுதினால், பெரும்பாலும் "உங்கள் மருத்துவரை அணுகவும்" என்ற ஒரு வரிதான் திரும்பி வரும். கம்பெனியால் தேடிப் பார்த்துச் சொல்லக்கூடிய விவரத்தை நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டியைக் கையில் எடுங்கள். தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விற்பனை செய்பவர் என்று அதில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கலாம். நம் ஆட்கள் முதலில் கண்ணில் படும் தொழிற்சாலை முகவரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். நுகர்வோர் புகாருக்கு என்று அச்சிட்ட முகவரி அல்லது மின்னஞ்சல் இருந்தால் அதற்கும், விற்பனை செய்பவர் பெயருக்கும் அனுப்புங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் இப்படி இருக்கட்டும்:

"ஐயா, நான் சிதம்பரத்தில் வசிக்கிறேன். மிக்ஸ்டார்ட் 30, 3 மில்லி கார்ட்ரிட்ஜ், ஒரு மில்லிக்கு 100 யூனிட், தினமும் போட்டுக்கொள்கிறேன். கடைசியாக வாங்கிய பெட்டியின் பேட்ச் எண், காலாவதி மாதம், வாங்கிய தேதி, கடை பில்லின் நகல் இணைத்துள்ளேன். இதை விநியோகித்த ஸ்டாக்கிஸ்ட் பெயரையும் எழுதியுள்ளேன். இந்தப் பொருள் நிறுத்தப்பட்டதா, அல்லது தற்காலிகத் தட்டுப்பாடா? நிறுத்தப்பட்டது என்றால் எந்த மாதம் முதல்? கடலூர் மாவட்டத்துக்கு இன்னும் காலாவதியாகாத சரக்கு வைத்திருக்கும் விநியோகஸ்தர் யார்? இதே கலவையில் நீங்கள் தொடர்ந்து விற்கும் வடிவம் எது, என் பென்னில் அது பொருந்துமா? எழுத்தில் பதில் வேண்டுகிறேன். இதன் நகல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்துக்கு அனுப்பியுள்ளேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கம்பெனிக்கு மட்டும் போகும் கடிதம் ஒரு வாடிக்கையாளரின் விசாரணை. நகல் ஆணையத்துக்குப் போனால் அது அரசுப் பதிவாகிறது. ஆணையத்தின் முகவரி: ஒய்.எம்.சி.ஏ. கலாசார மையக் கட்டடம், 1 ஜெய்சிங் சாலை, புதுடெல்லி 110001. மருந்து கிடைக்கவில்லை என்று புகார் சொல்வதற்கென்றே பார்மா ஜன் சமாதான் என்ற இணைய வழியை இந்த ஆணையம் 2015 முதல் நடத்துகிறது. பேட்ச் எண்ணும் கடை பெயரும் இருந்தால் அங்கே பதிவு செய்வது பெரிய வேலையில்லை.

இங்கே சட்டத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் 21ஆம் பத்தி, அட்டவணையில் உள்ள மருந்தை நிறுத்த விரும்பும் கம்பெனி 6 மாதத்துக்கு முன்பே பொது அறிவிப்பு கொடுக்க வேண்டும், படிவம் 4இல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பொதுநலன் கருதி, இன்னும் ஒரு வருடம் வரை தயாரிக்கும்படி அரசு உத்தரவிடலாம். இதைப் படித்துவிட்டு பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அந்த அட்டவணையாகிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மனித இன்சுலின் இருப்பது மில்லிக்கு 40 யூனிட் என்ற அளவில், அதாவது பாட்டில் அளவில். பென்னில் போடும் கார்ட்ரிட்ஜோ 100 யூனிட். எனவே அந்த 6 மாத அறிவிப்பை நம்பி உட்காராதீர்கள். எந்தச் சட்டமும் ஒரு கம்பெனியைக் கடைசி வரை ஒரு பொருளைத் தயாரித்துக்கொண்டே இரு என்று கட்டாயப்படுத்தாது. ஊரில் அறிவிப்பு ஒட்டுவதையும், அரசு மருத்துவமனைகளில் சொல்லிவைப்பதையும் அதிகாரிகள் செய்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். அதுவும் நடப்பதில்லை.

நேரத்தைக் கணக்கிடுங்கள். காலையில் 20, இரவில் 12 யூனிட் போடுகிற ஒருவருக்கு, ஒவ்வொரு முறையும் காற்றை வெளியேற்ற 2 யூனிட் சேர்த்தால், ஒரு நாளைக்கு 36 போகும். ஒரு கார்ட்ரிட்ஜில் 300 யூனிட். எட்டு நாள்தான் வரும். இரண்டு மிச்சமிருக்கும்போது கடிதம் போட்டால் கையில் இருப்பது 16 நாள், கம்பெனியின் பதில் அதற்குள் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. கடிதத்தைப் போட்ட அன்றே மருத்துவரிடமும் போங்கள். பதிலுக்காகக் காத்திருந்து அளவைக் குறைக்காதீர்கள். இதை மறுபடி சொல்கிறேன்: இன்சுலினைச் சிக்கனம் செய்யக் கூடாது.

அடுத்தது, நான் அதிகம் பயப்படும் விஷயம். சிதம்பரம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு அம்மா. பென் பழுதாகிவிட்டது, கார்ட்ரிட்ஜ் இருந்தது. பக்கத்து வீட்டில் கொடுத்த சிவப்பு மூடி ஊசியால் கார்ட்ரிட்ஜிலிருந்து மருந்தை உறிஞ்சி, வழக்கம்போல 20 என்ற கோடு வரை எடுத்துப் போட்டுக்கொண்டார். சிவப்பு மூடி ஊசியின் கோடுகள் 40 யூனிட் பாட்டிலுக்கானவை. 20 என்ற கோட்டில் அரை மில்லி வரும். கார்ட்ரிட்ஜில் அரை மில்லி என்பது 50 யூனிட். இரண்டரை மடங்கு! சிறிது நேரத்தில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. மகன் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். அவருக்கு நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐத்தான் அழைத்திருக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பாட்டிலுக்கு மாறியவர் ஆரஞ்சு மூடி ஊசியால், அதாவது 100 யூனிட் ஊசியால் எடுத்தால், 20 என்ற கோட்டில் உடம்புக்குள் போவது 8 யூனிட் மட்டுமே. சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், "மருந்து வேலை செய்யலை" என்று சொல்லிக்கொண்டிருப்போம். பாட்டிலில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடி. 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி. கார்ட்ரிட்ஜிலிருந்து ஊசியால் எடுக்கவே கூடாது. எழுத்துப் படிக்கத் தெரியாதவர் வீட்டில் இருந்தால், இந்த நிறத்தை அவருக்குக் காட்டிச் சொல்லுங்கள்.

கடையில் "இதுவும் அதேதான்" என்று வேறொன்றைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மிக்ஸ்டார்ட் 30ம் நோவோமிக்ஸ் 30ம் ஒரே கம்பெனி, ஒரே எண். ஆனால் மிக்ஸ்டார்டைச் சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு போடுகிறோம், நோவோமிக்ஸைப் போட்ட கையோடு சாப்பிட வேண்டும். பழைய பழக்கத்தில் அரை மணி காத்திருந்தால் தாழ்சர்க்கரை வந்துவிடும். மருத்துவர் எழுதிய மருந்துக்குப் பதில் வேறொன்றை, எழுதியவரின் அனுமதி இல்லாமல் கொடுக்க கடைக்காரருக்கு அதிகாரமில்லை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆம் விதி இதைத் தடுக்கிறது. வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ் உங்கள் பென்னில் பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்யவும் கூடாது.

மீதி இருக்கும் பழைய சரக்கைத் தேடி அலைவதில் இன்னொரு சிக்கல். வாட்ஸ்அப்பில் ஒருவர் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி அனுப்புகிறார். அது எத்தனை நாள் குளிர்ச்சி இல்லாமல் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. மிக்ஸ்டார்ட் உருட்டினால் பால் போல ஒரே சீராக வெள்ளையாக வர வேண்டும். கட்டிகள் மிதந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பனி படிந்ததுபோல் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தாலோ அது கெட்டது. ஃபிரீசரில் உறைந்ததும் கெட்டதுதான், இளகிய பின்னும் போடக் கூடாது.

பாட்டிலுக்கு மாறுவது என்று மருத்துவர் முடிவு செய்தால், கடலூர் தலைமை மருத்துவமனையிலும் சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சர்க்கரைப் பிரிவில் பதிவு செய்து கேளுங்கள். பழைய சீட்டையும் பென்னையும் எடுத்துச் செல்லுங்கள், எந்த வகை ஊசி என்று எழுதி வாங்குங்கள்.

ஒரு கடையில் சரக்கு இருந்தும் தர மறுத்தாலோ, "கடைசி ஸ்டாக்" என்று எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டாலோ, பில் கேளுங்கள். பில் தரவில்லை என்றால் தேதி, கடை பெயர், கேட்ட விலையை எழுதி, மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மருந்து ஆய்வாளரிடம் மனுவாகக் கொடுத்து, நகலில் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். இருக்கும் மருந்தை நியாயமான காரணம் இல்லாமல் விற்க மறுப்பதும், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதும் அதே 2013 ஆணையின்படி குற்றம். கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் இல்லை. ஆய்வாளர் மனுவை வாங்க மறுத்தால், அதையே மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்குங்கள்.