லாக் புக்கில் சிக்கும் கிலோமீட்டர்

அரசு வாகனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லாக் புக் உண்டு. வண்டி கிளம்பிய நேரம், அப்போது மீட்டர் காட்டிய அளவு, போன இடம், போனதற்கான காரணம், திரும்பியபோது இருந்த மீட்டர் அளவு ஆகியவற்றை ஓட்டுநர் எழுதுவார். பயணம் செய்த அதிகாரி அந்த வரியிலேயே கையெழுத்திட வேண்டும். டீசல் போட்டால் லிட்டரும் பில் எண்ணும் அதில் ஏறும்.

மீட்டர் அளவு அறுபடாமல் தொடர்வதுதான் இந்தப் பதிவேட்டின் பலம். திங்கள் மாலை 84,372இல் நின்ற வண்டி செவ்வாய் காலை 84,418இல் கிளம்பியிருந்தால், நடுவில் ஓடிய 46 கிலோமீட்டருக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். பழைய ஜீப்புகளில் மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டியவர்கள் இதற்குப் பயந்துதான் அப்படிச் செய்தார்கள். ஆனால் மீட்டர் நின்றாலும் டீசல் எரிவது நிற்காது. மாதக் கடைசிக் கணக்கில் அது வெளியே வந்துவிடும்.

ஒரு ஜீப் மாதத்தில் 1,400 கிலோமீட்டர் ஓடி, 140 லிட்டர் டீசல் குடித்ததாக வைத்துக்கொள்வோம். மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் டேங்க் நிரம்பியிருந்தால் கணக்கு எளிது: லிட்டருக்கு 10 கிலோமீட்டர். சோதனை ஓட்டத்தில் அதே வண்டி 12 கொடுத்திருந்தால் சுமார் 117 லிட்டரே போதும். மீதி 23 லிட்டர் எங்கே போனது? மீட்டரில் ஏறாத பயணமாகவும் இருக்கலாம், டேங்கிலிருந்து உறிஞ்சி விற்றதாகவும் இருக்கலாம், போடாத டீசலுக்கு பில் வாங்கியதாகவும் இருக்கலாம். மலைப்பாதையும் தேய்ந்த இன்ஜினும்கூட இதே எண்ணைக் காட்டும். அதனால் ஒரு மாதத்தை மட்டும் பார்த்து ஓட்டுநர்மேல் பழி போடுவது நியாயமல்ல. மைலேஜ் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தால் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். திடீரென ஒரே மாதத்தில் விழுந்து, அடுத்த மாதம் பழுது பார்க்காமலேயே எழுந்துகொண்டால் சந்தேகப்பட இடமுண்டு. டேங்கில் கொள்ளவே முடியாத அளவுக்கு ஒரே தடவையில் பில் வந்திருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

கிலோமீட்டரும் டீசலும் ஒத்துப்போனாலும் பயணம் சொந்த வேலைக்காக இருக்கலாம். காரணம் எழுதும் கட்டத்தில் ‘ஆய்வு’ என்ற ஒரே சொல் எதையும் மறைத்துவிடும். அங்கே அதிகாரியின் பயண நாட்குறிப்பையும் பயணப்படிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விடுப்பில் இருந்த நாளில் அவர் கையெழுத்து லாக் புக்கில் இருக்கக் கூடாது. அலுவலக வண்டியில் போன ஊருக்கு அவர் பஸ் கட்டணம் கேட்டிருக்கவும் கூடாது.

சொந்த உபயோகத்துக்கு விதிகள் முற்றிலும் கதவடைப்பதில்லை. மத்திய அரசின் அலுவலகக் கார் விதிகள், அனுமதி பெற்றவர்கள் கட்டணம் செலுத்திச் சொந்தப் பயணம் போக இடம் தருகின்றன. அந்தப் பயணமும் லாக் புக்கில் சொந்தப் பயணம் என்றே பதிவாக வேண்டும்.

இத்தனை ஏற்பாடும் அன்றன்றைக்கு எழுதினால்தான் பலிக்கும். பல அலுவலகங்களில் மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்புகிறார்கள். நாள் தவறாமல் 60 கிலோமீட்டர், ஒரே பேனா மை, வரிசையாகப் போட்ட கையெழுத்துகள் என்று இருந்தால், தணிக்கையாளர் முதலில் பங்க் பில்லில் உள்ள தேதியையும் நேரத்தையும் எடுத்து, அந்த நேரத்தில் வண்டி எந்த ஊரில் இருந்ததாக எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்.