கம்பியில் பொறித்த ‘டி’

வீடு கட்டுபவர் கடையில் முதலில் கேட்பது எண்ணைத்தான். “500 கம்பியா, 550 கம்பியா?” எண் கூடினால் கம்பியும் உசத்தி என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண் கம்பியின் பலத்தைச் சொல்கிறது என்பது உண்மை. ஆனால் நிலநடுக்கத்தில் உயிர் காப்பது அந்த எண்ணுக்குப் பின்னால் வரும், பலர் கண்ணில் படாத ‘டி’ என்ற எழுத்து.

ஏன் என்று அறிய, சோதனைக்கூடத்தில் 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை இழுத்துப் பார்க்க வேண்டும். கம்பியில் 60 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, இரு முனைகளையும் இயந்திரத்தின் தாடைகளில் இறுக்குகிறார்கள். இழுவிசை ஏற ஏற, ஒரு வரைபடம் உருவாகிறது. நிமிர்ந்த அச்சில் தகைவு, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் தாங்கும் விசை. படுத்த அச்சில் திரிபு, அதாவது மூல நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்ற கணக்கு.

கோடு முதலில் நேராக ஏறுகிறது. இந்தக் கட்டத்தில் விசையை எடுத்துவிட்டால் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். எஃப்.இ. 500 ரகக் கம்பியில் இது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வரை நடக்கும். அந்த எல்லைக்கு ‘ஈல்டு’ என்று பெயர். அப்போது கம்பியை இழுக்கும் விசை ஏறத்தாழ ஐந்தே முக்கால் டன் எடை. ஆனால் கோடுகளுக்கு இடையே அது நீண்டிருப்பது 0.15 மில்லிமீட்டர்தான்.

இழுத்த வேலை வீணாகவில்லை. வில்லில் போல, கம்பிக்குள் திரிபு ஆற்றலாகச் சேர்ந்திருக்கிறது. விசை பூஜ்ஜியத்திலிருந்து படிப்படியாக ஏறியதால், உச்ச விசையில் பாதியை நீட்சியால் பெருக்கினால் அந்த ஆற்றல் கிடைக்கும்: சுமார் 4.2 ஜூல். ஒரு கிலோ அரிசியை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல், அவ்வளவே. இதைக் கம்பியின் கன அளவால் வகுத்தால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.625 ஜூல். இதுதான் ‘மாடுலஸ் ஆஃப் ரெசிலியன்ஸ்’, அதாவது பழுதின்றித் திருப்பித் தரக்கூடிய ஆற்றலின் அளவு. வரைபடத்தில் இது நேர்கோட்டுக்குக் கீழே உள்ள ஒல்லியான முக்கோணத்தின் பரப்பு.

ஈல்டைத் தாண்டியும் இழுத்தால் கம்பி உடனே அறுந்துவிடாது. கோடு வலப்பக்கமாக வளைந்து வெகுதூரம் போகிறது. கம்பி நிரந்தரமாக நீள்கிறது, ஓரிடத்தில் கழுத்துப்போல் மெலிகிறது, கடைசியில் படீரென்று அறுகிறது. அறுந்த துண்டுகளைப் பொருத்தி வைத்துக் கோடுகளுக்கு இடையே அளக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயம் 1786-இன்படி எஃப்.இ. 500 குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும். அதாவது 60 மில்லிமீட்டர் 67.2 ஆக வேண்டும். ‘டி’ போட்ட ரகம் 16 சதவீதம் நீண்டு 69.6 ஆக வேண்டும்.

வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் வளைகோட்டுக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்பைப் பாருங்கள். அதுதான் ‘டஃப்னஸ்’, அறுவதற்குள் கம்பி விழுங்கும் ஆற்றல். ஈல்டு தகைவையும் உச்சத் தகைவையும் சராசரியாக்கி, அறும்போதுள்ள திரிபால் பெருக்கினால் தோராய விடை கிடைக்கும். தரம் கேட்கும் குறைந்தபட்ச அளவுகளை வைத்துப் பார்த்தால், ஒரு கன சென்டிமீட்டருக்கு எஃப்.இ. 500 சுமார் 63 ஜூல், 500டி சுமார் 85 ஜூல். இரண்டுக்கும் ரெசிலியன்ஸ் ஒன்றேதான். டஃப்னஸில் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல்.

இனி 550-க்கு வருவோம். ‘டி’ இல்லாத அந்த ரகம் 10 சதவீதம் நீண்டாலே போதும். அதே கணக்கில் அதன் டஃப்னஸ் 57 ஜூல்தான். எண் ஏறியது, விழுங்கும் ஆற்றல் இறங்கியது!

நிலநடுக்கம் கட்டடத்துக்குள் ஆற்றலைத் திணிக்கிறது. முக்கோணத்துக்குள் அடங்கும் பங்கு மிகச் சிறியது. மிச்சத்தைக் கம்பிகள் நீண்டு, வளைந்துதான் செரிக்க வேண்டும். தூண் கோணலாகும், சுவர் வெடிக்கும். ஆனாலும் கம்பி அறாதவரை உள்ளே இருப்பவர்கள் வெளியேற வழி இருக்கும்.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. சோதனை மெதுவாக, பழுதில்லாத ஒரு துண்டின் மேல் நடக்கிறது. துருவால் பள்ளம் விழுந்த கம்பியில் நீட்சி அந்தப் பள்ளத்திலேயே குவிந்துவிடும். மீதி நீளம் உதவிக்கு வராது. வளைத்த கம்பியைத் தட்டி நிமிர்த்தினாலும் இதே கதிதான். அந்த இடத்தின் டஃப்னஸில் ஒரு பங்கு ஏற்கெனவே செலவாகிவிட்டது, திரும்ப வராது.

ஆகவே கம்பி வாங்கும்போது எண்ணோடு நின்றுவிடாதீர்கள். ‘டி’ பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, நீட்சி சதவீதம் எழுதிய கட்டத்தைப் படியுங்கள். வளைத்த கம்பியை நிமிர்த்திப் போட வேண்டாம் என்று கம்பி கட்டுபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.