மாத்திரைக்கும் முதல் இட்லிக்கும் நடுவே

வீட்டில் பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய் என்றால் குடும்பத்தின் கண் முதலில் போவது இனிப்பு டப்பாவின் மேல்தான். லட்டு ஒளித்து வைக்கப்படும், காபியில் சர்க்கரை நிற்கும். மாத்திரை எத்தனை மணிக்கு உள்ளே போகிறது, சாப்பாடு எத்தனை மணிக்கு உள்ளே போகிறது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் வினை அங்கேதான் இருக்கிறது.

பல வீடுகளில் நடப்பதை ஒரே வீட்டில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 74 வயது. காலையில் கிளிமிபிரைடு மாத்திரை ஒன்று. ஏழரை மணிக்கு மகன் அதைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறார். "சாப்பிட்டுடும்மா" என்றால், "பூஜையை முடிச்சிட்டு சாப்பிடறேன்பா" என்கிறார் அம்மா. இட்லி தட்டுக்கு வரும்போது மணி பத்து.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. வயிற்றில் இட்லி இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்தின் வேகம் இன்னும் நீளும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆகவே பெட்டியில் இருப்பது எந்த மாத்திரை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

ஒன்பதே முக்காலுக்கு அம்மா மருமகளிடம் எரிந்து விழுகிறார். வைத்த சாவி எங்கே என்று தெரியவில்லை, நடை தள்ளாடுகிறது. சர்க்கரை தாழ்ந்தால் வியர்வையும் படபடப்பும் வரும் என்று நாம் கேள்விப்பட்டிருப்போம். வயதானவர்களிடம் அவை தெரியாமலே போகலாம்; ரத்த அழுத்தத்துக்குச் சிலர் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும். மிஞ்சுவது குழப்பமும் கோபமும் தலைசுற்றலும். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறோம். குளுக்கோமீட்டரில் பார்த்தால் 62. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்நிலைதான்.

அடுத்து நடப்பது இன்னும் சுவாரசியம். பயந்துபோய் இரண்டு லட்டு, சர்க்கரை அள்ளிப் போட்ட காபி, அதன் மேல் ஐந்து இட்லி. நண்பகலில் மீட்டர் 290 காட்டுகிறது. 'சுகர் ஏறிடுச்சு' என்று ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கிறார்கள். மறுநாள் காலை அதே மாத்திரை, அதே பூஜை.

இறங்கிய சர்க்கரையை ஏற்ற மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் போதும். அது சுமார் 15 கிராம். கால் மணி நேரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியபின் வழக்கமான பலகாரம். லட்டில் இருக்கும் நெய் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும், அவசரத்துக்கு அது ஆகாது. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, நேராக மருத்துவமனைதான்.

ஆனால் இந்தச் சுற்றையே நிறுத்தும் வழி எளிது: தட்டில் இட்லி விழுந்த பிறகுதான் மாத்திரை டப்பா திறக்க வேண்டும். பூஜை முக்கியம் என்றால் மாத்திரையும் பூஜைக்குப் பின்னாலேயே வரட்டும். வெள்ளிக்கிழமை விரதம், வயிற்றுப்போக்கு, பசியே இல்லாத நாள் என்றால் மாத்திரையை என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, காலண்டரில் எழுதி ஒட்டிவிடலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவோம். அந்த அம்மா போட்டுக்கொள்ளும் சாதத்தை ஒரே ஒரு நாள் தராசில் வைத்தால் 350 கிராம் வருகிறது. அதில் மட்டும் நூறு கிராம் அளவுக்கு மாவுச்சத்து. ஒரு கப், அதாவது 150 கிராம் சாதம் என்றால் 40 கிராம் அளவில் நின்றுவிடும். நான்கு இட்லியும் கிட்டத்தட்ட இதே கணக்கு. குறைத்த இடம் காலியாக இருந்தால் நாலு மணிக்கே பசிக்கும். பொரியலும் கெட்டிப் பருப்பும் முட்டையோ மீனோ அங்கே வர வேண்டும். பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்குப் போனால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. பல் இல்லை என்று கஞ்சியாகக் குழைத்துக் கொடுப்பது நேர் எதிர். குழைந்த சாதம் சீக்கிரம் ஏறும்.

மாலைக் காபியோடு நாலு பிஸ்கட் என்பது பெரும்பாலும் மைதாவும் சர்க்கரையும். ஒரு சின்னக் கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டல், பல்லுக்கு ஏற்ப மசித்தது, அந்த நேரத்துக்குப் பொருத்தம். மோரும் நல்லதே. சிறுநீரகக் கோளாறு இருந்தால் பயறின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படுக்கும்முன் எல்லோருக்கும் பால் கொடுக்கும் பழக்கம் தேவையில்லை. இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவருக்கு அந்த நேரத்தில் நூறுக்குக் கீழே இருந்தால் அரை டம்ளர் பாலோடு ஏதாவது கொஞ்சம் தரலாம்.

ஒரு வாரத்துக்கு மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், மீட்டர் எண் மூன்றையும் குறித்து எடுத்துப் போனால் மருத்துவருக்கு வேலை சுலபம். பல நோய்கள் உள்ள முதியவர்களுக்கு மூன்று மாதச் சராசரி எட்டுக்குள் இருந்தால் போதும் என்று இலக்கையே தளர்த்துவது உண்டு. குறிப்பைப் பார்த்து அவர் மாத்திரையின் அளவைக் குறைக்கலாம், தாழ்நிலை வராத வேறு மருந்துக்கு மாற்றவும் செய்யலாம்.