முப்பத்தி ரொக்க ஏட்டில் இடறும் இடங்கள்

ஒரு கடையில் காலையில் ரொக்கம் ரூ.5,000, வங்கியில் ரூ.20,000. ரூ.5,000 தரவேண்டிய வாடிக்கையாளர் ரூ.4,900 ரொக்கமாகக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கிறார். ஏட்டின் பற்றுப் பக்கத்தில் ரொக்கப் பத்தியில் 4,900, தள்ளுபடிப் பத்தியில் 100 எழுதுகிறோம். பேரேட்டில் அவர் கணக்கின் வரவில் இரண்டும் சேர்ந்து 5,000 ஏறவேண்டும். 4,900 மட்டும் ஏற்றினால், தீர்ந்த கடனில் நூறு ரூபாய் பாக்கி நிற்கும்.

அன்றே ரூ.6,000 வங்கியில் செலுத்தப்படுகிறது. பற்றுப் பக்க வங்கிப் பத்தியிலும் வரவுப் பக்க ரொக்கப் பத்தியிலும் அதே தொகை. இதுதான் எதிர்ப்பதிவு. பேரேட்டுப் பக்க எண்ணுக்குரிய இடத்தில் இருபுறமும் 'எ' என்று போட்டால் போதும்; இரட்டைப் பதிவு ஏட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டதால் பேரேட்டுக்குப் போகாது. உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு வங்கியிலிருந்து எடுத்தால் அது எதிர்ப்பதிவல்ல, எடுப்பு. தேர்வுத்தாளில் பலர் வழுக்குவது இங்கேதான்.

அடுத்து, சரக்கு தந்தவருக்குரிய ரூ.8,000-க்கு ரூ.7,840 காசோலை, பெற்ற தள்ளுபடி 160. மாலையில் ரொக்கம் 3,900, வங்கி 18,160. தள்ளுபடிப் பத்திகளுக்கு மட்டும் இருப்புக் கட்டக்கூடாது. 160-இல் 100 போக 60 என்று கழிக்காமல், 100-ஐ அளித்த தள்ளுபடிக் கணக்கின் பற்றிலும், 160-ஐப் பெற்ற தள்ளுபடிக் கணக்கின் வரவிலும் தனித்தனியே எழுதவேண்டும்.