அருகில் இருப்பவர் யார்?

அந்தமானின் சதுப்புநிலக் காடுகளில் தரைக் கணக்கெடுப்பு எளிதல்ல. கால் புதையும் சேற்றில், உப்புநீர் முதலைகள் நடமாடும் ஓடைகளில் படகு போகும் இடத்தில்தான் மாதிரி எடுக்க முடியும். 2004 சுனாமி நிலநடுக்கத்தில் வட அந்தமான் கரை மேலெழுந்தது, தென் அந்தமான் தாழ்ந்தது. ஸ்ரீ விஜயபுரத்தை (பழைய போர்ட் பிளேயர்) அடுத்த சிப்பிகாட்டில் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்தது. இப்படி மாறிவிட்ட கரையில் எங்கே சுரபுன்னை, எங்கே வெண்கண்டல் என்று வரைபடம் போடச் செயற்கைக்கோளின் துணை தேவைப்படுகிறது.

அதற்கு எளிய வழி 'அண்டை வீட்டார்' முறை. படத்தின் ஒரு புள்ளியை எடுத்து, தரையில் பார்த்து உறுதிசெய்த புள்ளிகளில் அதற்கு மிக நெருக்கமான ஐந்தைத் தேடுவார்கள். அவற்றில் பெரும்பான்மை எந்த இனமோ, அதுவே விடை. நெருக்கம் என்பது ஒவ்வொரு நிறப்பட்டையிலும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்துப் பெறும் தூரம்.

இந்திய லிஸ்-3 கருவிக்கு நான்கு பட்டைகள். 2000-இல் நாசா ஏவிய ஹைப்பீரியனுக்கு 242 இருந்தன. கூடுதல் பட்டை, கூடுதல் தெளிவு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 1,400, 1,900 நானோமீட்டரை ஒட்டிய பட்டைகளில் காற்றிலுள்ள நீராவி ஒளியை விழுங்கிவிடுவதால் அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் இரைச்சல்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். இரு இனங்களும் மூன்று பட்டைகளில் மட்டும் 0.1 அளவு வேறுபடுகின்றன என்று கொள்வோம். வர்க்கங்களின் கூட்டல் 0.03. இன்னும் நூறு பட்டைகளில் வெறும் இரைச்சல். ஒவ்வொன்றிலும் வித்தியாசத்தின் வர்க்கம் சராசரியாக 0.0025. அவற்றின் கூட்டல் 0.25 ஆகிறது. எல்லாப் புள்ளிக்கும் இது ஒரேபோல் கூடினால் வரிசை மாறாது. ஆனால் இந்த 0.25 புள்ளிக்குப் புள்ளி சுமார் 0.035 ஏறி இறங்கும். இனத்தைக் காட்டிய 0.03-ஐ அந்த ஏற்றஇறக்கமே விழுங்கிவிடுகிறது.

விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நால்வர் 1999-இல் இதைப் பொதுவாக நிறுவினார்கள். அவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த ரகு ராமகிருஷ்ணன். பட்டைகள், அதாவது பரிமாணங்கள், கூடக்கூட, பல சூழல்களில், மிக அருகில் உள்ளதும் மிகத் தொலைவில் உள்ளதும் ஏறக்குறைய ஒரே தூரத்துக்கு வந்துவிடும். சில வேளை 10, 15 பரிமாணங்களிலேயே இது தெரியும் என்றார்கள். ஒவ்வொரு பரிமாணத்திலும் 0-க்கும் 1-க்கும் இடையே தற்செயலாகத் தூவிய ஆயிரம் புள்ளிகளில், இரு பரிமாணத்தில் அருகிலுள்ளதைவிடத் தொலைவிலுள்ளது பல பத்து மடங்கு தள்ளியிருக்கும். 200 பரிமாணத்தில் அருகிலுள்ளது சுமார் 5, தொலைவிலுள்ளது சுமார் 6.5.

உண்மையான படத்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. பக்கத்துப் பட்டைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், 242 பட்டைகளும் 242 தனிச் செய்திகளைச் சொல்வதில்லை. தனித்தனியாக ஆடுவது இரைச்சல் மட்டுமே, அதனால் கேடும் அங்கிருந்தே வருகிறது.

ஆகவே முதலில் நீராவிப் பட்டைகளை வெட்டி எறிகிறார்கள். பிறகு மீதியை இரைச்சல் குறைந்த சில கூட்டுப் பட்டைகளாகச் சுருக்குகிறார்கள். வேலை பலித்ததா என்று அறிய, அருகிலுள்ள தூரத்தைத் தொலைவிலுள்ள தூரத்தால் வகுத்துப் பார்க்கலாம்: ஒன்றை நெருங்கினால் தூரத்தை நம்பக் கூடாது. இந்தச் சுருக்கலுக்கும் ஒரு விலை உண்டு. அரிதாக வளரும் ஓர் இனத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றை மெல்லிய பட்டை, இரைச்சலோடு சேர்ந்து வெளியே போய்விடலாம்.