சரிந்த பிறகு வாங்கும் காப்பு

2020 பிப்ரவரி 1, சனிக்கிழமை. மத்திய பட்ஜெட் என்பதால் விடுமுறை நாளிலும் பங்குச் சந்தை திறந்திருந்தது. அன்று நிஃப்டி 300 புள்ளி இறங்கி 11,661.85-ல் முடிந்தது. ஜனவரி 14-ம் தேதி 12,362.30 என்ற உச்சத்தில் முடிந்த குறியீடு, மூன்று வாரத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் கீழே வந்துவிட்டது.

இப்படி ஒரு நாளுக்காகவே சிலர் நோட்டில் ஒரு விதி எழுதி வைத்திருப்பார்கள். என் நோட்டிலும் ஒரு காலத்தில் இருந்தது. "முதலீட்டின் மதிப்பு உச்சத்திலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால், அன்றைக்கே நிஃப்டி புட் வாங்கு. உச்சத்துக்குத் திரும்பும்வரை மாதாமாதம் புதுப்பி." அவ்வளவுதான். பயம், செய்தி, வாட்ஸ்அப்பில் வரும் ஆருடம் எதற்கும் இதில் இடமில்லை. எண் தொட்டால் வாங்க வேண்டும்.

புட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட விலையில் குறியீட்டை விற்பதற்கான உரிமை அது. அந்த விலைக்குப் பெயர் ஸ்ட்ரைக். அந்த நாளுக்குப் பெயர் எக்ஸ்பைரி. உரிமைக்காக முன்கூட்டியே கொடுக்கும் பணம் பிரீமியம். ஸ்ட்ரைக் 11,650 ஆக இருந்து, எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 11,000-ல் முடிந்தால் வித்தியாசமான 650 ரூபாய் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கைக்கு வரும். 11,650-க்கு மேலே முடிந்தால் ஒன்றும் வராது, பிரீமியம் போனது போனதுதான்.

இந்த விதியை 2020-ல் ஒருவர் அப்படியே பின்பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவரிடம் இருப்பது நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டு மட்டும் என்று வைத்துக்கொள்வோம். உச்சத்தில் அதன் மதிப்பு 18 லட்சத்து 54 ஆயிரம் ரூபாய், அதாவது குறியீட்டைப் போல 150 மடங்கு. அன்றைக்கு நிஃப்டியில் ஒரு லாட் 75 யூனிட், ஆகவே இரண்டு லாட் புட் வாங்கினால் முழு முதலீட்டுக்கும் காப்பு.

பிரீமியம் எவ்வளவு இருக்கும் என்று தோராயமாகப் பார்க்க ஒரு சின்னச் சூத்திரம் போதும். ஸ்ட்ரைக்கும் சந்தை விலையும் ஒட்டி இருக்கும்போது இது நன்றாகவே பொருந்தும்:

பிரீமியம் ≈ 0.4 × குறியீடு × விக்ஸ் ÷ 100 × √(நாட்கள் ÷ 365)

விக்ஸ் என்பது அடுத்த முப்பது நாளில் சந்தை எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் விலைகளே சொல்லும் எண். தேசியப் பங்குச் சந்தை இதைத் தினமும் வெளியிடுகிறது. பட்ஜெட் நாளில் 17 என்று கொண்டால், 26 நாள் புட்டுக்குச் சுமார் 210 ரூபாய் வரும். இரண்டு லாட்டுக்கு 31,500. உண்மையான சந்தை விலை இதிலிருந்து கொஞ்சம் முன்பின் இருக்கும்.

பிப்ரவரி 27, எக்ஸ்பைரி. நிஃப்டி 11,633.30-ல் முடிகிறது. 11,650 புட்டுக்குக் கிடைத்தது யூனிட்டுக்கு 16 ரூபாய் 70 காசு. 31,500 கொடுத்தவருக்கு 2,505 ரூபாய் திரும்பி வருகிறது.

மறுநாள் பிப்ரவரி 28. நிஃப்டி ஒரே நாளில் 431 புள்ளி விழுந்தது. நேற்று மாலை காலாவதியான காப்பு இன்றைக்கு இருந்திருக்க வேண்டும்! இங்கே விதியின் இரண்டாவது வாக்கியம்தான் அவரைக் காப்பாற்றுகிறது. 27-ம் தேதியும் குறியீடு உச்சத்திலிருந்து 5.9 சதவீதம் கீழே இருந்ததால் மார்ச் மாதப் புட்டை அன்றே வாங்கியிருப்பார். முதல் மாதம் பணம் போன எரிச்சலில் "இந்த முறை வேண்டாம்" என்று விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. நான் பார்த்தவரை, பெரும்பாலானவர்கள் விதியை உடைப்பது இந்த இடத்தில்தான்.

விக்ஸ் 18 என்று கொண்டால் இரண்டாவது புட்டின் விலை சுமார் 230 ரூபாய், மொத்தம் 34,500. மார்ச் 26 எக்ஸ்பைரியில் நிஃப்டி 8,641.45. யூனிட்டுக்கு 3,008 ரூபாய் வீதம் 4 லட்சத்து 51 ஆயிரம் கைக்கு வருகிறது. ஃபண்டின் மதிப்பு 12 லட்சத்து 96 ஆயிரமாகச் சுருங்கியிருந்தாலும், இரண்டு பிரீமியத்தையும் கழித்து, வந்த பணத்தைச் சேர்த்தால் 16 லட்சத்து 84 ஆயிரம் நிற்கிறது. புட் இல்லாதவருக்கு 30 சதவீத இறக்கம், இவருக்கு 9 சதவீதம்.

புட் விற்பனைக்கு அலைபவர்கள் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நாம் இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்.

மார்ச் 26 அன்று குறியீடு உச்சத்திலிருந்து 30 சதவீதம் கீழே இருக்கிறது. விதி "புதுப்பி" என்கிறது. ஆனால் விக்ஸ் இப்போது 17, 18 இல்லை, 70-க்கு மேல். மழை கொட்டும்போது பாரிமுனை நடைபாதையில் குடை என்ன விலை சொல்வார்கள் என்று தெரியுமல்லவா, அதே கதைதான். சூத்திரத்தில் போட்டால் ஏப்ரல் 30 எக்ஸ்பைரிக்கான புட் யூனிட்டுக்குச் சுமார் 750 ரூபாய், இரண்டு லாட்டுக்கு 1 லட்சத்து 12 ஆயிரம். ஒரே ஒரு மாதக் காப்புக்கு முதலீட்டில் கிட்டத்தட்ட 9 சதவீதம். ஏப்ரல் 30 அன்று நிஃப்டி 9,859.90-க்கு ஏறி முடிந்தது. புட்டுக்குப் பைசா வரவில்லை. மார்ச்சில் சம்பாதித்த 4 லட்சத்து 51 ஆயிரத்தில் நான்கில் ஒரு பங்கை, கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றிய அதே விதி ஒரு மாதத்தில் திரும்ப எடுத்துக்கொண்டது.

உச்சத்திலிருந்து இவ்வளவு இறங்கினால் வாங்கு என்ற விதியின் அடிப்படைக் கோளாறு இதுதான். இறக்கம் பெரிதாக ஆக, காப்பின் விலையும் ஏறுகிறது. மலிவாக இருக்கும்போது வாங்க விடாமல், விலை கூடிய பிறகே வாங்கச் சொல்லும் விதி இது.

2020-ல் சரிவு தொடர்ந்ததால் விதி தப்பித்தது. தொடராவிட்டால்?

2024 ஜூன் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. முந்தைய நாள் 23,263.90 என்ற புதிய உச்சத்தில் முடிந்த நிஃப்டி, அன்று 21,884.50-ல் முடிந்தது. 5.9 சதவீத இறக்கம். விதி மணியடிக்கிறது. விக்ஸ் 26-ஐத் தாண்டி நிற்கிறது. ஜூன் 27 எக்ஸ்பைரிக்கான 21,900 புட் நம் கணக்குப்படி சுமார் 570 ரூபாய், குறியீட்டின் மதிப்பில் 2.6 சதவீதம். விக்ஸ் 14 ஆக இருக்கும் அமைதியான நாளில் இதே புட் 310 ரூபாய்க்குள் கிடைக்கும்.

மறுநாளே நிஃப்டி 22,620-க்கு ஏறியது. விக்ஸ் 19 வாக்கில் இறங்கியது. புட்டை இரண்டு பக்கமும் அடித்தார்கள்: சந்தை ஏறியதால் ஒரு அடி, பதற்றம் தணிந்ததால் இன்னொரு அடி. ஒரே நாளில் அதன் மதிப்பு 200 ரூபாய்க்கும் கீழே போயிருக்கும். ஜூன் 7 அன்று குறியீடு 23,290, அதாவது பழைய உச்சத்தையே தாண்டிவிட்டது. 27-ம் தேதி 24,000-க்கு மேல். மூன்று நாள் பயத்துக்கு 2.6 சதவீதம் கட்டணம்.

ஐந்து சதவீத இறக்கம் நிஃப்டிக்கு அபூர்வமான காய்ச்சல் இல்லை, அடிக்கடி வரும் சளி. ஆண்டுக்கு இரண்டு முறை இப்படிப் பொய் மணி அடித்தால் 5 சதவீதம் காலி. எல்லையை 10 சதவீதமாக்கினால் பொய் மணி குறையும். ஆனால் முதல் 10 சதவீத நஷ்டம் முழுக்க உங்களுடையது, மணி அடிக்கும்போது புட்டும் இன்னும் விலை ஏறியிருக்கும்.

சரி, இறக்கத்துக்குக் காத்திருக்காமல் எப்போதும் புட் வைத்திருந்தால்? சந்தை விலைக்கு 5 சதவீதம் கீழே ஸ்ட்ரைக் எடுத்தால் மலிவாகவே தெரியும். மாதம் 0.3 சதவீதம் என்று வைப்போம். ஆண்டுக்கு 3.6. சந்தை ஆண்டுக்கு 12 சதவீதம் தந்தால் 10 லட்சம் இருபது ஆண்டில் 96 லட்சமாகும். அதில் 3.6-ஐ எடுத்துவிட்டு 8.4-ல் வளர்த்தால் 50 லட்சம். இடையிடையே புட் தரும் பணத்தை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் இடைவெளி குறையும். ஆனால் விற்பவர் லாபமில்லாமல் விற்கமாட்டார் என்பதால் மூடாது. கரையான் வேலை இது, ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரியாது.

விதி எழுதத்தான் வேண்டும் என்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு ஓட்டை உண்டு. இறக்கத்தை எதை வைத்து அளக்கிறீர்கள்? மாதாமாதம் எஸ்ஐபி கட்டுபவர் கணக்கில் தெரியும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால், புதுப் பணம் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் இறக்கம் மறைந்துவிடும். மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுத்தவருக்குச் சந்தை இறங்காமலேயே மணி அடிக்கும். ஃபண்டின் என்ஏவி போல, ஒரு யூனிட்டின் மதிப்பை வைத்துத்தான் அளக்க வேண்டும். கையில் இருப்பது சிறு நிறுவனப் பங்குகள் என்றால் நிஃப்டி புட் பாதிக் காப்புதான். அவை நிஃப்டியைவிட வேகமாக விழும். சில சமயம் நிஃப்டி அசையாமல் நிற்கும்போதே விழும்.

புட்டில் வரும் லாபம் வருமான வரியில் வியாபார வருமானமாகக் கணக்காகும், உங்கள் வரம்புக்கு ஏற்ற வரி உண்டு. ஃபண்டில் விற்காமல் வைத்திருக்கும் நஷ்டத்தை அதில் கழிக்க முடியாது. மேலே சொன்ன 4 லட்சத்து 51 ஆயிரமும் முழுசாகக் கையில் நின்றிருக்காது.

என் நோட்டில் இருந்த விதியில் பிற்பாடு இரண்டு வரி சேர்த்தேன். பிரீமியம் மாதத்துக்கு முதலீட்டின் 1.5 சதவீதத்தைத் தாண்டினால் வாங்காதே. புட் கட்டிய பணத்தைப் போல ஐந்து மடங்கானால் பாதியை விற்றுவிடு. முதல் வரி 2024 ஜூனில் பணத்தை மிச்சப்படுத்தும், 2020 ஏப்ரலிலும் மிச்சப்படுத்தும். ஆனால் மேலே போட்ட கணக்கில் 2020 பிப்ரவரி 27-ன் பிரீமியம் 2 சதவீதம். அதையும் அது தடுத்திருக்கும், 4 லட்சத்து 51 ஆயிரமும் வந்திருக்காது. உச்சவரம்பை 2-க்கு உயர்த்திப் பார்த்தேன், 2.5-க்கு உயர்த்திப் பார்த்தேன். ஒரு ஆண்டுக்குப் பொருந்தும் எண் இன்னொரு ஆண்டுக்குப் பொருந்தவில்லை.

கடைசியில் அந்தப் பக்கத்தையே அடித்துவிட்டு, முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்கை வங்கி வைப்பில் போட்டேன். அது 30 சதவீதச் சரிவை 24 ஆகக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிரீமியம் இல்லை, எக்ஸ்பைரியும் இல்லை.